குடும்பக் குழுவில் ஒரு பாட்டி: குரல் செய்திச் சிறுகதை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டி வாய்ஸ் நோட் கத்துக்கிறதை வெறும் வாட்ஸ்அப் குரூப் மெசேஜாவே ஒரு சிறுகதையா எழுத முடியுமா?

முடியும். ஆனால் பாட்டி கற்றுக்கொண்டார் என்பது மட்டும் கதையாகாது, அது ஒரு நிகழ்ச்சிதான். அவருக்கு எல்லாரிடமும் ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்க வேண்டும். போன் செய்து ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொன்னால் அது நடக்காது என்ற நிலையும் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குழு கதைக்குத் தேவைப்படுகிறது, குரல் செய்தியும் தேவைப்படுகிறது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே கதையை வைத்துப் பேசுகிறேன். ஆண்டு 2023. பாட்டி மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாமில், தாத்தா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் எழுத்தை மெதுவாகப் படிப்பார், தட்டச்சு செய்ய வராது. பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறாள். அவளுக்கு அடுத்த மகன் பாட்டிக்குப் பக்கத்திலேயே பட்டர்வொர்த்தில் இருக்கிறார், இளைய மகள் ஜொகூர் பாருவில். கடைசி மகன் மெல்பர்னில். கதை மூத்தவளின் மகள் கவியின் போனில் நடக்கிறது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவில் இப்படி ஒரு பேச்சு போகிறது:

11 ஜூன் 2023
சின்ன மாமா (8:31 இரவு): அக்கா, அம்மாவ உங்க வீட்டுக்கு கூட்டிட்டு போயிருங்க. வீட்ட வித்துடலாம். அம்மாவுக்கு இப்ப சொல்ல வேணாம்.
சித்தி (8:33 இரவு): டேய், அம்மா இந்த குரூப்ல இருக்காங்க.
சின்ன மாமா (8:33 இரவு): இருந்தா என்ன. படிக்கவா போறாங்க.
பெரிய மாமா (8:40 இரவு): போன்ல பேசலாம் லா இத.

பேச்சு அங்கே நின்றுவிடுகிறது. அடுத்த செய்தி யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். கதையின் விதை இந்த நான்கு வரிதான். இதற்குப் பிறகு வருகிற எல்லாச் சிரிப்புக்கும் அடியில் இது கிடக்கிறது. வாசகருக்கு இது தெரியும், ஆனால் நடுவில் மறந்துவிடுவார்.

பாட்டி பேசுறதை எழுத்துல எப்படிக் காட்டுறது? பேசுனதை அப்படியே எழுதிடலாமா?

எழுதாதீர்கள். இந்த வகைக் கதையில் நான் ரொம்பவும் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றுதான். குழுவில் குரல் செய்தி எப்படித் தெரிகிறதோ அப்படியே பக்கத்திலும் தெரியட்டும்: பெயர், ஒரு முக்கோணம், எத்தனை விநாடி. அவ்வளவுதான்.

பாட்டி ▶ 0:31

அதில் என்ன இருக்கிறது என்பது அடுத்து வருகிற பதில்களில்தான் தெரிய வேண்டும். குடும்பங்கள் உண்மையில் அப்படித்தான் பதில் எழுதுகின்றன. கேட்டவர் கேட்டதில் பாதியைத் திருப்பிச் சொல்வார், ஒருவர் கோபப்படுவார், இன்னொருவர் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொள்வார். "முட்டிக்கு அந்த எண்ணெய் வேணாம்மா, டாக்டர் குடுத்தத போடுங்க" என்று ஒரு மகள் எழுதினால், பாட்டி முட்டி வலியைச் சொன்னதும் எந்த எண்ணெயைத் தேய்க்கிறார் என்பதும் வந்துவிட்டது. கூடவே, அந்த மகளுக்குப் பாட்டியிடம் எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதும் வந்துவிட்டது.

பாட்டி பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதினால் அது குரல் செய்தி அல்ல, உரையாடல். நாடகத்திலும் எழுதலாம், சாதாரணக் கதையிலும் எழுதலாம். குழுவில் நடப்பதாகச் சொன்னதற்குப் பிறகு அதற்கு வேலையே இல்லாமல் போகிறது. இன்னொன்றும் உண்டு. பாட்டியின் குரலை வாசகர் தன் வீட்டுப் பாட்டியின் குரலில்தான் கேட்பார். நீங்கள் சொற்களை எழுதிக் கொடுத்தால் அந்தக் குரல் நின்றுவிடும்.

விநாடிக் கணக்கு மட்டும் பொய்யாக இருக்கக் கூடாது. பாட்டி என்ன சொன்னார் என்பதை உங்களுக்காக ஒரு தாளில் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். வயதானவர் பேசுகிற நிதானத்தில், மூச்சு விட்டு, கடிகாரத்தை வைத்து உரக்கப் படியுங்கள். அந்த நேரத்தைத்தான் முக்கோணத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும். 0:06 என்று போட்டுவிட்டு, பதிலில் மூன்று செய்திக்கான விவரம் வந்தால் கவனமான வாசகர் பிடித்துவிடுவார். அந்தத் தாளைக் கதையில் சேர்க்காதீர்கள், ஆனால் தூக்கியும் போடாதீர்கள். பதில்கள் தடம் மாறும்போது அதுதான் உதவும்.

யாரோட போன்ல கதை நடக்கணும்?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. குழுவில் வருகிற பெயர்கள், அந்தப் போனில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவோ அப்படித்தான் தெரியும். கவியின் போனில் அது "பாட்டி", "பெரிய மாமா", "சித்தி". பெரிய மாமாவின் போனில் அதே பாட்டி "அம்மா". கவியின் போனில் "அம்மா" என்றால் அந்த மூத்தவள். பாட்டியின் போனில் பேரன் யாரோ சேமித்துக் கொடுத்த பெயர்கள் இருக்கும், சில வெறும் எண்ணாகவே இருக்கும்.

பேத்தியின் போனை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், வீட்டு விஷயத்தில் அவளுக்குக் குரல் கிடையாது. பெரியவர்கள் பேசும்போது பார்த்துக்கொண்டிருப்பவள். ஜூன் மாதப் பேச்சை அவளும் பார்த்தாள், எதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்தைக் கதை எங்கேயும் சொல்வதில்லை, ஆனால் அவள் போனில்தானே நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு செய்தியை யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியலை, அதை அனுப்பியவர் மட்டுமே பார்க்க முடியும். பாட்டி அனுப்பிய குரல் செய்தியைச் சின்ன மாமா கேட்டாரா என்று கவிக்குத் தெரிய வழியில்லை. "எல்லாரும் கேட்டுவிட்டார்கள், யாரும் பதில் போடவில்லை" என்று கவி எழுதினால் அது தவறு. அவள் தான் அனுப்பியதைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லலாம். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குழுவில் அதை மறைக்க முடியாது, குரல் செய்தியைக் கேட்டதையும் மறைக்க முடியாது. ஆகவே பாட்டி தன் போனில் பார்த்தால் எல்லாம் தெரியும். கவிக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் கடைசிப் பகுதியில் நன்றாக வேலை செய்கிறது.

கத்துக்கும்போது பாட்டி என்னென்ன தப்பு பண்ணுவாங்க? சிரிப்பா எழுதலாமா?

சிரிப்பு வரட்டும். ஆனால் சிரிப்பு போனின் அமைப்பிலிருந்து வர வேண்டும், பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்பதிலிருந்து வரக் கூடாது. அந்த மைக் பொத்தான் முதல்முறை தொடுகிற யாரையும் தடுமாற வைக்கும். ஒவ்வொரு தடுமாற்றமும் குழுவில் ஒவ்வொரு மாதிரித் தெரியும், அதைச் சரியாகக் காட்டினாலே போதும்.

மைக்கைச் சும்மா தட்டினால் எதுவும் போகாது. அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒரு சின்னக் குறிப்பு வந்து மறையும், அதுவும் பாட்டி படிக்காத எழுத்தில். குழுவில் இதற்குத் தடயமே இருக்காது. ஆகவே அன்று மாலை முழுக்கப் பாட்டி முயன்றார் என்பதைப் பக்கத்தில் இருக்கிற பெரிய மாமா சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அழுத்திவிட்டு உடனே விரலை எடுத்தால் ஒரு விநாடித் துண்டு போய்விடும். பிடித்தபடியே விரல் இடப்பக்கம் வழுக்கினால் பேசியதெல்லாம் அழிந்துவிடும். வயதான விரல் அப்படித்தான் வழுக்கும், பாட்டி மூன்று நிமிடம் பேசியிருப்பார், யாருக்கும் எதுவும் வந்திருக்காது. மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்தாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பூட்டிய பதிவு தானாகப் போகாது, அனுப்பும் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். பாட்டி போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார், பத்து நிமிடச் சமையல் சத்தம் தானாகக் குழுவுக்கு வந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

கேட்கும்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. ஓடுகிற குரல் செய்தியோடு போனைக் காதுக்குக் கொண்டுபோனால் திரை கறுத்துவிடும், சத்தம் காதருகே உள்ள சின்ன ஒலிபெருக்கிக்கு மாறிவிடும். பேசுகிற போன் என்றால் காதில் வைப்பதுதானே பழக்கம்.

3 ஜூலை 2023
பெரிய மாமா (6:52 மாலை): அம்மாவுக்கு வாய்ஸ் அனுப்ப சொல்லி குடுத்தாச்சு. இப்ப வரும் பாருங்க
பாட்டி (6:58 மாலை) ▶ 0:01
பாட்டி (6:58 மாலை) ▶ 0:01
சித்தி (6:59 மாலை): ஒன்னும் கேக்கல மா. தட்டுன சத்தம்தான் வருது
பெரிய மாமா (7:00 மாலை): விரல உடனே எடுத்துடுறாங்க
பாட்டி (7:04 மாலை) ▶ 0:03
அம்மா (7:05 மாலை): "டேய், இது போகுதா"ன்னு கேக்குது
சித்தி (7:05 மாலை): போகுது மா! போகுது!
அம்மா (7:06 மாலை): அம்மா, பட்டன அழுத்தி புடிச்சிக்கிட்டே பேசுங்க. முடிஞ்சப்புறம் விடுங்க
சித்தி (7:06 மாலை): இடது பக்கம் தள்ளாதீங்க மா, அழிஞ்சிரும்
பெரிய மாமா (7:11 மாலை): போன் செத்து போச்சுன்னு சொல்றாங்க. காதுல வச்சிருக்காங்க லா
கவி (7:15 மாலை): எல்லாரும் டைப் பண்ணி சொல்றீங்க. பாட்டி எப்படி படிப்பாங்க?
கவி (7:16 மாலை) ▶ 0:22
பாட்டி (7:19 மாலை) ▶ 0:14
பெரிய மாமா (7:20 மாலை): அட. சரியா வந்துருச்சு

கவியின் 0:22-தான் இந்தப் பகுதியின் திருப்பம். எல்லாரும் ரோமன் எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு அதிலேயே படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி பேசிக் காட்டினாள், பாட்டி மூன்று நிமிடத்தில் பதில் அனுப்பிவிட்டார். அம்மா திருப்பிச் சொல்கிற "டேய், இது போகுதா" மாதிரியான மேற்கோளை மட்டும் நான் அனுமதிக்கிறேன். கேட்ட ஒருவர் குழுவில் எழுதியது அது.

எங்க குரூப்ல எல்லாரும் இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ் தட்டுவோம். அதை அப்படியே போடணுமா?

மலேசியாவில் பல குடும்பக் குழுக்கள் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்கூட அவசரத்துக்கு ரோமன் எழுத்தில் தட்டுவார்கள், நடுவில் மலாய்ச் சொல் வரும், ஆங்கிலம் வரும். பக்கம் முழுக்க அப்படிப் போட்டால் வாசகர் களைத்துப்போவார். நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், பேச்சு வழக்கில் எழுதிவிடுவேன். ஆனால் உண்மையில் அது ரோமன் எழுத்து என்பதை ஆரம்பத்திலேயே ஒரு பாத்திரம் மூலமாகத் தெரிவித்துவிட வேண்டும். ஜூலையில் சித்தி, "அம்மாவுக்கு தமிழ் எழுத்து தெரியும், நம்ம தட்டுற ஏபிசிடிதான் தெரியாது" என்று எழுதுகிறாள், போதும்.

பாட்டி இத்தனை ஆண்டாக அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தும், அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியாததற்குக் காரணமே இந்த எழுத்துதான். அவருக்குப் படிப்பறிவு இல்லை என்பது அல்ல. பிள்ளைகள் தமிழில்தான் எழுதுகிறார்கள், பாட்டிக்கும் தமிழ் படிக்கத் தெரியும், ஆனாலும் எட்டவில்லை. வீட்டை விற்கிற பேச்சு அவர் கண்ணெதிரே நடக்க முடிந்ததும் இதனால்தான்.

பின்னாடி கேக்குற சத்தத்தையெல்லாம் எப்படிக் கொண்டு வர்றது?

மற்றவர்களை விசாரிக்க விடுங்கள். குரல் செய்தி வீட்டையும் சேர்த்துப் பதிவு செய்யும், தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். "மழையா மா அங்க? இங்க காயுது" என்று ஜொகூரிலிருந்து ஒருத்தி கேட்பாள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது மெல்பர்னில் இருக்கிற, பதிலே எழுதாத ஆளையும் எழுத வைக்கும்: "அந்த ரொட்டிக்காரர் இன்னும் வர்றாரா?" என்று சின்ன மாமா கேட்கிறார். ஜூனுக்குப் பிறகு அவர் குழுவில் எழுதுகிற முதல் வரி அது. வீட்டை விற்கச் சொன்னவருக்கு அந்த வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சத்தங்களை அலங்காரமாக அடுக்காதீர்கள். பாங்கு, கோயில் மணி, குக்கர் விசில் என்று வரிசையாக வந்தால் பினாங்கைக் காட்ட எழுத்தாளர் பாடுபடுவது தெரியும். என் கதையில் நான்கைந்து சத்தம்தான், அதில் ஒன்று கதையையே நகர்த்துகிறது:

29 ஜூலை 2023
பாட்டி (3:10 மாலை) ▶ 0:31
சித்தி (3:22 மாலை): யாரும்மா பக்கத்துல சிரிக்கிறது?
பாட்டி (3:25 மாலை) ▶ 0:05
சித்தி (3:26 மாலை): ஓ பக்கத்து வீட்டு பிள்ளையா. படிவம் ரெண்டு போயிருச்சா அதுக்குள்ள!
அம்மா (3:40 மாலை): துணைக்கு இருக்கட்டும் மா. நல்லதுதான்

படிவம் இரண்டு படிக்கிற பிள்ளைக்கு ரோமன் எழுத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. சித்தி கேட்டதும், அம்மா சந்தோஷப்பட்டதும், பேச்சு வேறு பக்கம் போனதும் இயல்பாக இருப்பதால், வாசகர் அந்தப் பிள்ளையை மறந்துவிடுவார். கதையில் ஒரு தடயத்தை ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் குழுவில் இல்லை.

தேதி, நேரமெல்லாம் போடணுமா?

போடுங்கள். இந்த வடிவத்தில் கதைசொல்லி கிடையாது, மௌனத்தைக் காட்ட நேரம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் எல்லா நேரமும் கவியின் போன் காட்டுகிற மலேசிய நேரம். மெல்பர்ன் ஆகஸ்ட் மாதத்தில் நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தி இருக்கும், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது மூன்று மணி நேரம். சின்ன மாமாவின் செய்தி 9:40 என்று தெரிந்தால் அவருக்கு அங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது.

கதை நடக்கிற ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி 2013-ல்தான் வந்தது, நீல டிக் 2014-ல். பதிவைப் பூட்டும் வசதி 2017 கடைசியில் வரத் தொடங்கியது. வேகமாக ஓட்டிக் கேட்பது 2021-ல். 2024 கடைசியில் குரலை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியை அறிவித்தார்கள். நான் 2023-ஐ எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், இந்தக் கதையில் எல்லாரும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடிவு எப்படி வரணும்? பாட்டி அழகா பேசிட்டாங்கன்னு முடிச்சா போதாதா?

போதாது. அதைப் பாட்டி ஜூலையிலேயே செய்துவிட்டார். முடிவில் அவர் கற்றுக்கொண்டதை வைத்து ஒன்றைச் செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பழைய செய்தி ஒன்றைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினால், அதற்குப் பதிலாக நம் செய்தி போகும். மேலே அந்தப் பழைய வரி சின்னக் கட்டமாக ஒட்டிக்கொண்டு வரும். குரல் செய்தியையும் அப்படி அனுப்பலாம். இரண்டு மாதம் பின்னால் தள்ளிப் போய் ஒரு வரியைத் தேடுவது பாட்டிக்குச் சிரமம், ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்கு முன்பே நட்சத்திரக் குறி போட்டு வைத்திருப்பாள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அது கவியின் போனில் தெரியாது, கதையிலும் வராது.

20 ஆகஸ்ட் 2023
பாட்டி (8:14 இரவு)
| சின்ன மாமா: அக்கா, அம்மாவ உங்க வீட்டுக்கு கூட்டிட்டு போயிருங்க. வீட்ட வித்துடலாம்…
▶ 0:47
சித்தி (9:02 இரவு): இந்தச் செய்தி நீக்கப்பட்டது
அம்மா (9:05 இரவு): யாரும்மா படிச்சு காட்டினது?
பாட்டி (9:08 இரவு) ▶ 0:06
அம்மா (9:09 இரவு): அந்த பிள்ளைய திட்டல மா. சும்மா கேட்டேன்
சித்தி (9:20 இரவு): கிராண்டு உங்க பேர்லயா இருக்கு? அண்ணா, நீங்க அப்பா பேருன்னுதானே சொன்னீங்க
பெரிய மாமா (9:21 இரவு): அப்பா மாத்தி வச்சது எனக்கே தெரியாது
சித்தி (9:24 இரவு): ரெண்டு மாசமா தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே மா
சின்ன மாமா (9:40 இரவு) ▶ 0:09
பாட்டி (9:43 இரவு) ▶ 0:12
பெரிய மாமா (9:52 இரவு): சரிம்மா. யாரும் விக்க மாட்டோம்
சித்தி (9:53 இரவு): அண்ணா, தமிழ் எழுத்துலயே தட்டியிருக்கீங்க!
பெரிய மாமா (9:55 இரவு): அவங்க படிக்கணும்ல
அம்மா (10:02 இரவு): சனிக்கிழம காலைல இ.டி.எஸ்-ல வர்றேன் மா. ரெண்டு நாள் இருப்பேன்
பாட்டி (10:06 இரவு) ▶ 1:38
அம்மா (10:11 இரவு): எல்லாம் எழுதிக்கிட்டேன். மூணாவது சாமான் மட்டும் புரியல, மறுபடி சொல்லுங்க
பாட்டி (10:12 இரவு) ▶ 0:02

8:14-க்கும் 9:02-க்கும் நடுவில் நாற்பத்தெட்டு நிமிடம். கவிக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது. பாட்டிக்குத் தெரியும், அவர் அனுப்பியவர், அவர் போனில் மைக் குறி நீலமாகிவிட்டதா என்று பார்க்கலாம். அந்த நாற்பத்தெட்டு நிமிடமும் அவர் காத்திருந்தார் என்பதை நான் எழுதவில்லை.

சின்ன மாமா ஏன் அந்தப் பழைய வரியை அழித்துவிடக் கூடாது என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. எல்லாருடைய போனிலிருந்தும் ஒரு செய்தியை நீக்க 2022-லிருந்து இரண்டரை நாள்தான் அவகாசம். ஜூன் மாதம் தட்டியது ஆகஸ்டில் அப்படியே நிற்கும். சித்தி 9:02-க்கு எழுதி உடனே நீக்கியது மட்டும் போய்விட்டது. என்ன எழுதினாள் என்று கதை சொல்வதில்லை, அம்மா பார்த்திருப்பாள்.

0:47-ல் பாட்டி சொன்னதில் நான்கு விஷயம் இருக்கிறது: தனக்கு எல்லாம் தெரியும், எப்போதிலிருந்து தெரியும், வீட்டுக் கிராண்டு யார் பெயரில் இருக்கிறது, தான் எங்கேயும் வரப்போவதில்லை. அவர் கோபமாகச் சொன்னாரா, அழுதாரா என்பதைப் பதில்களின் தொனியை வைத்து வாசகரே முடிவு செய்யட்டும். என் தாளில் அவர் அழவில்லை. சனிக்கிழமை வருகிற மகளுக்கு 1:38-க்குச் சாமான் பட்டியல் சொல்கிற ஆள் அவர்.

சின்ன மாமாவின் 0:09-க்கு யாரும் குழுவில் பதில் எழுதாமல் விட்டிருப்பதைப் பாருங்கள். அவர் ஜூனில் தட்டினார், இப்போது முதல்முறையாகப் பேசுகிறார். அதற்குப் பாட்டி மட்டும் பதில் சொல்கிறார், அதுவும் குரலில். அந்த இரண்டு செய்தியும் வாசகருக்குத் திறக்காமலே இருக்கட்டும்.

கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

அச்சில் ஆறேழு பக்கம். அதற்கு மேல் போனால் நேரமும் பெயரும் திரும்பத் திரும்ப வந்து கண்ணைச் சோர்வடையச் செய்யும். பேசுகிற ஆட்கள் ஆறுக்கு மேல் வேண்டாம். நிஜக் குழுவில் இருபது பேர் இருப்பார்கள்தான், மீதிப் பேர் காலை வணக்கப் படம் மட்டும் அனுப்பட்டும்.

எங்க குடும்ப குரூப்பையே எக்ஸ்போர்ட் பண்ணி, அதிலிருந்து எழுதலாமா?

படித்துப் பார்க்க எடுக்கலாம், கதையின் வடிவத்துக்கு அது உதவாது. மீடியா இல்லாமல் `Export chat` கொடுத்தால் வருகிற கோப்பில் குரல் செய்தி இருந்த இடத்தில் ஆண்ட்ராய்டு போனில் இப்படித்தான் இருக்கும்:

```
20/08/2023, 8:14 pm - பாட்டி: <Media omitted>
```

எத்தனை விநாடி என்று வராது. எந்தப் பழைய செய்திக்குப் பதிலாக அனுப்பினார் என்பதும் வராது. இந்தக் கதை நிற்பதே அந்த இரண்டின் மேல்தான். ஆகவே திரையைப் பார்த்து, கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

எடுப்பதற்கு முன் வீட்டில் கேட்டுவிடுங்கள். பாட்டியிடமும் கேட்க வேண்டும், அவர் படிக்கப்போவதில்லை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. நகைச்சுவைத் துணுக்குகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொத்து, கல்யாணம், நோய், பழைய மனஸ்தாபம் இவற்றை அப்படியே எடுத்தால், பெயரை மாற்றினாலும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். ஊரை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், சண்டையின் காரணத்தை வேறொன்றாக ஆக்குங்கள். தடுமாற்றங்களையும் அவை வந்த வரிசையையும் மட்டும் உங்கள் குழுவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றைக் கற்பனையில் சரியாக அமைப்பது கஷ்டம்.